கலைச்சொல்லை அவிழ்த்து எழுதுவது எப்படி: ஆர்சிசிபி பற்றிய ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

மின்சாரம் ஒயரை விட்டுத் தரைக்குப் போனால் துண்டித்துவிடுவதற்காக வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி என்ற கருவியைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு விளக்கக் கட்டுரை தேவை. மின்பொறியாளர் ஒருவர் இப்படி எழுதித் தந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

> ஆர்சிசிபி என்பது எஞ்சிய மின்னோட்டக் கொள்கையின் அடிப்படையில் இயங்கும் மின்சுற்றுத் துண்டிப்பான் ஆகும். கட்டக் கடத்தி, நடுநிலைக் கடத்தி ஆகியவற்றின் மின்னோட்டங்களது கூட்டுத்தொகை பூச்சியத்திலிருந்து விலகும்போது, வளைய உள்ளகத்தில் தூண்டப்படும் பாயம் விடுவிப்புப் பொறிமுறையை இயக்குகிறது. 40 ஆம்பியர் மதிப்பிடப்பட்ட மின்னோட்டமும் 30 மில்லிஆம்பியர் மதிப்பிடப்பட்ட எஞ்சிய இயக்க மின்னோட்டமும் கொண்ட கருவி வீட்டுப் பயன்பாட்டுக்கு உகந்தது. இது நேரடி, மறைமுகத் தொடுகைகளுக்கு எதிராகக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது.

பொறியியல் கண்ணோடு படித்தால் இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று கவலைப்பட்டுப் படிக்க வருபவர் இரண்டாவது வரியிலேயே பக்கத்தை மூடிவிடுவார். புதிதாகத் திருத்த உட்காருபவர் இதைப் பெரும்பாலும் இப்படி மாற்றுவார்:

> ஆர்சிசிபி உங்கள் வீட்டு மின்சாரத்தை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே கண்டுபிடித்து கரண்டை நிறுத்திவிடும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் உடம்பில் பாய விடாது என்பதால் இனி ஷாக் பயமே வேண்டாம்.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி வரி முழுப் பொய். அதை நம்பி ஒருவர் மெயினை அணைக்காமல் ஒயரில் கை வைத்தால் உயிரே போகலாம். முதல் பத்தியிலிருந்து இந்தப் பொய்க்குள் விழாமல் எளிய பேச்சுக்கு வருவதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. அதை இந்த ஒரே பத்தியை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் வார்த்தையைத் தொடாதீர்கள்

திருத்தத் தொடங்கும் முன் தனித்தாள் ஒன்றில், கட்டுரை எப்படி மாறினாலும் மாறக்கூடாத உண்மைகளை எழுதுங்கள். இதை உண்மைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பத்திக்கு நான்கைந்து வரிகளுக்கு மேல் வராது. அந்த வரிகள் மூலப் பத்தியில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொறியாளருக்கு அது சொல்லத் தேவையே இல்லாத அளவுக்குப் பழகிய விஷயமாக இருக்கும். எனவே அவர் எழுதியிருக்க மாட்டார். கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பதற்கு மிகப் பயனுள்ள கேள்வி, "இது எப்படி வேலை செய்கிறது?" என்பதல்ல. "இது எப்போது வேலை செய்யாது?" என்று கேளுங்கள். ஆர்சிசிபி விஷயத்தில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் மூலப் பத்தியை விட முக்கியமானவை:

- போகும் ஒயரிலும் திரும்பும் ஒயரிலும் ஓடுவதற்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே இது பார்க்கிறது. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்து, தரையோடு தொடர்பில்லாமல் நின்றால் வித்தியாசம் வராது. கருவி விழாது, அதாவது ட்ரிப் ஆகாது.
- உடம்பில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை இது குறைப்பதில்லை. அது ஓடும் நேரத்தைத்தான் குறைக்கிறது.
- வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் விழுந்தே ஆக வேண்டும். 15 வரை விழக்கூடாது. இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம்.
- 40 ஆம்பியர் என்பது கருவி தாங்கும் அளவு. அதைத் தாண்டினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ இது தானாக அணையாது. அதற்கு எம்சிபி என்ற வேறு கருவி தனியாக வேண்டும்.
- எர்த் ஒயருக்கு இது மாற்று அல்ல.

இந்தப் பட்டியலை எழுதியவரிடம் காட்டி, சரிதான் என்று ஒப்புதல் வாங்கிய பிறகே மொழியைத் தொட வேண்டும். பிறகு எந்த வாக்கியத்தை எளிமையாக்கினாலும் இந்த ஐந்தில் ஒன்றோடு அது முட்டுகிறதா என்று பார்த்தால் போதும். மேலே உள்ள "ஷாக் பயமே வேண்டாம்" வரி இரண்டாவது உண்மையோடு நேராக முட்டுகிறது.

எந்தச் சொல் நிற்கும், எது போகும்

இப்போது மூலப் பத்தியில் உள்ள கலைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். இந்த நான்கு வாக்கியங்களில் பத்துக்கும் மேல் இருக்கும். எல்லாவற்றையும் விளக்க முயன்றால் பத்தி நான்கு பக்கமாகிவிடும். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: வாசகர் இந்தச் சொல்லைக் கட்டுரைக்கு வெளியே எங்காவது சந்திப்பாரா?

கடையில் கேட்க வேண்டிய சொல், கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் சொல், எலக்ட்ரீசியன் வாயிலிருந்து வரும் சொல் ஆகியவை நிற்க வேண்டும். ஆர்சிசிபி, எம்சிபி, ஃபேஸ், நியூட்ரல், எர்த், ஆம்பியர், மில்லிஆம்பியர், ட்ரிப் ஆவது எல்லாம் இந்த வகை. இவற்றைக் "கட்டக் கடத்தி", "நடுநிலைக் கடத்தி" என்று மாற்றுவதால் வாசகருக்கு லாபம் இல்லை. கடைக்காரரிடம் போய் நடுநிலைக் கடத்தி என்று கேட்க முடியாது. பாடநூலுக்கு அந்தச் சொற்கள் வேண்டும். மின்பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்கு வேண்டாம். வாசகர் யார் என்பதைப் பொறுத்து இந்தப் பட்டியல் மாறும். இலங்கை வாசகருக்கு எழுதினால் இதே கருவியை "ட்ரிப் சுவிட்ச்" என்று சொல்லித் தொடங்குவதுதான் முறை. அங்கே வீட்டில் புழங்கும் பெயர் அது.

கருத்து வேண்டும், சொல் வேண்டாம் என்பது இரண்டாவது வகை. "எஞ்சிய மின்னோட்டம்", "நேரடி, மறைமுகத் தொடுகை" இதில் சேரும். இவற்றின் பொருளை ஒரு வாக்கியமாக அவிழ்த்துவிட்டுச் சொல்லை விட்டுவிடலாம்.

மூன்றாவது வகையைத் தயங்காமல் நீக்குங்கள். வளைய உள்ளகமும் அதில் தூண்டப்படும் பாயமும் கருவியின் வயிற்றுக்குள் நடப்பவை. அவற்றைத் தெரிந்துகொள்வதால் வாசகர் செய்யப்போகும் எதுவும் மாறாது. எழுதியவருக்கு இது வருத்தமாக இருக்கும்; அவருக்குக் கருவியின் அழகே அந்த வளையத்தில்தான். வேண்டுமென்றால் கட்டுரையின் பின்பகுதியில், ஆர்வமுள்ளவர்களுக்கென்று அதைத் தனியாக விளக்க இடம் கொடுங்கள். முதல் பத்தியில் வேண்டாம்.

பேச்சு வழக்குச் சொல் வைக்கும் பொறி

எளிய சொல் கிடைத்தவுடன் கை தானாகப் போய் அதை எடுத்துவிடும். அந்தச் சொல் வாசகர் மனதில் ஏற்கெனவே என்ன பொருளில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். இந்தப் பத்தியில் அப்படி மூன்று சொற்கள் இருக்கின்றன.

"கரண்ட்" முதலாவது. இதைவிட எளிய சொல் இல்லை என்று தோன்றும். ஆனால் தமிழ்ப் பேச்சில் "கரண்ட் போயிடுச்சு" என்றால் மின்வழங்கல் நின்றது. "கரண்ட் பில்" என்றால் செலவழித்த யூனிட்டுக்கான கட்டணம். "கரண்ட் அடிச்சிடுச்சு" என்றால் ஷாக். ஆம்பியரில் அளக்கும் அந்தக் குறிப்பிட்ட ஓட்டத்தை மட்டும் சுட்ட இந்தச் சொல் உதவாது. "கரண்ட் அதிகமானால்" என்று எழுதினால் பாதிப் பேர் வோல்டேஜ் ஏறுவதாகப் புரிந்துகொள்வார்கள். எனவே அளவைப் பற்றிப் பேசும் இடங்களில் "மின்னோட்டம்" என்றே எழுதி, முதல் முறை வரும்போது "ஒயரில் ஒரு நொடிக்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்ற கணக்கு, ஆம்பியரில் சொல்லப்படுவது" என்று பக்கத்திலேயே விளக்குங்கள். மின்சாரம் பொதுவாக வந்தது, நின்றது என்று சொல்லும் இடங்களில் "கரண்ட்" தாராளமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றிப் போடுவதுதான் கூடாது.

"மின்கசிவு" இதைவிட மோசம். மின்சாரம் ஓட வேண்டிய ஒயரை விட்டு வேறு வழியில் கொஞ்சம் போய்விடுவதைக் குறிக்க, பொருளால் பார்த்தால், மிகச் சரியான சொல் இதுதான். ஆனால் "மின்கசிவு காரணமாகக் குடோனில் தீ" என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, ஷார்ட் சர்க்யூட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஷார்ட் சர்க்யூட்டில் ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொடுகின்றன. போகும் ஓட்டம் முழுவதும் திரும்பியும் வருகிறது. எனவே ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. "மின்கசிவு ஏற்பட்டால் ஆர்சிசிபி நிறுத்திவிடும்" என்று எழுதினால், எழுதியவர் நினைத்தது உண்மை. வாசகர் புரிந்துகொள்வது பொய். இங்கே செய்ய வேண்டியது, சொல்லை வைத்துக்கொண்டு வேலியையும் போடுவது: "இந்தக் கட்டுரையில் கசிவு என்றால், மின்சாரத்தில் ஒரு பகுதி ஒயரை விட்டு உடம்பு வழியாகவோ, ஈரச்சுவர் வழியாகவோ, எர்த் ஒயர் வழியாகவோ தரைக்குப் போவது. செய்திகளில் தீவிபத்துக்குக் காரணமாகச் சொல்லும் மின்கசிவு பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்; அது வேறு." இரண்டு வாக்கியம் கூடுகிறது. பரவாயில்லை, இந்த இரண்டு வாக்கியத்துக்காகவே கட்டுரையை எழுதலாம்.

மூன்றாவது, "மதிப்பிடப்பட்ட" என்ற சொல். இது பேச்சு வழக்குச் சொல்போலவே நுழைந்து ஏமாற்றும். பொதுத் தமிழில் மதிப்பிடுவது என்றால் உத்தேசமாகக் கணிப்பது. "மதிப்பிடப்பட்ட மின்னோட்டம் 40 ஆம்பியர்" என்று படித்தவர், சுமார் 40 இருக்கும் போலிருக்கிறது என்று நினைப்பார். தயாரிப்பாளர் உறுதிகொடுக்கும் அளவு என்பதுதான் உண்மையான பொருள். அதைவிடச் சிக்கல், மூலப் பத்தியில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. 40 ஆம்பியரோடு வரும்போது "இதுவரை தாங்கும்" என்று பொருள். 30 மில்லிஆம்பியரோடு வரும்போது "இதைத் தொட்டால் விழும்" என்று பொருள். பொறியாளர் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லலாம். திருத்துபவர் அதை இரண்டு வினைகளாகப் பிரித்துவிட வேண்டும். "தாங்கும் அளவு", "விழும் அளவு" என்று எழுதினால் போதும்; அடிக்குறிப்பு கூட வேண்டாம்.

இந்த மூன்றோடு "எஞ்சிய" என்ற சொல்லையும் ஒரு நொடி பாருங்கள். போன ஓட்டத்தில் திரும்பி வந்ததைக் கழித்த பிறகு மிஞ்சுவது என்ற பொருளில் அது வந்தது. தனியாகப் படிப்பவருக்கோ, அணைத்த பிறகும் ஒயருக்குள் மிச்சம் தங்கியிருக்கும் மின்சாரம் என்று தோன்றும். சொல்லுக்குச் சொல் மாற்றிய கலைச்சொற்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. "வித்தியாசம்" என்று எழுதுங்கள்.

எண்ணை எப்படி எழுதுவது

எண்கள்தான் துல்லியத்தின் இருப்பிடம் என்று நினைத்து அவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அவைதான். ஆர்சிசிபியின் முகத்தில் 40A என்று பெரிதாகவும் `IΔn 0.03A` என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். கட்டுரையில் "30 மில்லிஆம்பியர்" என்று மட்டும் எழுதினால் வாசகர் கருவியில் 30 என்ற எண்ணைத் தேடிக் காணாமல் திகைப்பார். எனவே "கருவியில் 0.03A அல்லது 30mA என்று இருக்கும்; இரண்டும் ஒன்றே" என்று எழுத வேண்டும். வாசகர் கண்ணில் படப்போகும் வடிவத்தைக் கட்டுரையிலும் காட்டுவது என்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

அடுத்தது எல்லையின் திசை. "30 மில்லிஆம்பியரில் விழும்" என்று மட்டும் எழுதியிருந்தால், எலக்ட்ரீசியன் அளந்து பார்த்து 22-இல் விழுகிறது என்று சொல்லும்போது வாசகர் கருவி பழுது என்று முடிவுகட்டுவார். பழுது இல்லை. தர விதி, 30-ஐத் தொடும்போது கட்டாயம் விழ வேண்டும், 15 வரை விழக்கூடாது என்கிறது. "30-ஐத் தொட்டால் கட்டாயம் விழும், 15-ஐத் தாண்டினாலே விழக்கூடும்" என்று இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். "உடனே" என்ற சொல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். பொதுவான வகைக் கருவிக்கு, வித்தியாசம் 30 மில்லிஆம்பியராக இருந்தால் அதிகபட்சம் 0.3 நொடி, 150 ஆக இருந்தால் அதிகபட்சம் 0.04 நொடி என்று எல்லை உண்டு. கட்டுரையில் இரண்டையும் போட வேண்டியதில்லை. "ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள், கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக" என்று எழுதினால் வாசகருக்கும் புரியும், பொறியாளருக்கும் மறுப்பு இருக்காது. 0.3-க்கும் மூன்றில் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் சுட்டிக்காட்டினால், "பத்தில் மூன்று பங்கு" என்று மாற்றிக்கொள்ளுங்கள். சண்டைபோட வேண்டிய இடம் அது அல்ல.

ஓட்டத்தின் அளவை ஆர்சிசிபி குறைப்பதில்லை என்ற உண்மையை எண் ஒன்றை வைத்தே விளக்க முடியும். உடம்பின் மின்தடை ஈரம், தொடும் இடம் போன்றவற்றைப் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடுவது:

```
230 V / 1000 Ω = 0.23 A = 230 mA
```

ஆர்சிசிபி இருந்தாலும் முதல் கணத்தில் இந்த 230 ஓடத்தான் செய்யும். 30-இல் நிறுத்திப் பிடிக்க அதனுள் எந்த அமைப்பும் இல்லை. 0.04 நொடிக்குள் துண்டித்துவிடுவதுதான் அது செய்யும் உதவி. எனவே ஷாக் அடிக்கும். ஆனால் இதயத்தைக் குலைக்கும் அளவுக்கு நீடிக்கும் வாய்ப்பு மிகக் குறையும். இந்தக் கணக்கைக் கட்டுரையில் சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு. ஆனால் திருத்துபவர் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் "பாய விடாது" என்ற வரியை எழுதவே மாட்டார்.

உவமையைச் சோதிப்பது

மின்சாரம் என்றதும் எல்லோரும் தண்ணீர்க் குழாயை எடுப்பார்கள். இங்கே அது வேலைக்கு ஆகாது. குழாயில் ஓட்டை விழுந்தால் யாரும் தொடாமலேயே தண்ணீர் ஒழுகும். கீசரின் உலோக உடலில் ஃபேஸ் தட்டி நின்றால், எர்த் ஒயரோ மனித உடம்போ ஒரு வழி ஏற்படுத்தித் தராதவரை ஓட்டமே இருக்காது, வித்தியாசமும் வராது. தண்ணீர் உவமையோடு படித்தவர், "கசிவு இருந்தால் முன்னாடியே விழுந்திருக்குமே" என்று நம்பி, எர்த் இல்லாத கீசரைத் தொடுவார்.

சுற்றுலாப் பேருந்து பொருத்தமாக இருக்கும். இறங்கிப் போனவர்களும் திரும்பி ஏறியவர்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போகிறார்களா என்று வாசலில் நின்று பார்ப்பவர்தான் ஆர்சிசிபி. ஆள் குறைந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். எங்கே தொலைந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்த உவமை உண்மைப் பட்டியலின் முதல் வரியை அப்படியே சுமக்கிறது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் சேர்த்துப் பிடித்தால் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள், எனவே வாசலில் நிற்பவருக்குச் சந்தேகம் வராது என்பதையும் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

எந்த உவமையும் ஓரிடத்தில் உடையும். பேருந்தில் போவதற்கும் வருவதற்கும் இடையே நேரம் செல்லும். மின்சுற்றில் இரண்டும் ஒரே கணத்தில் நடக்கின்றன. உவமை முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். உவமையை இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். ஓட்டுநரும் பயணச்சீட்டும் உள்ளே வரத் தொடங்கினால் வாசகர் பேருந்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

திருத்திய பத்தி

> வீட்டு மின்பெட்டியில் மின்சாரம் ஃபேஸ் ஒயரில் போய் நியூட்ரல் ஒயரில் திரும்புகிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இரண்டிலும் ஓடும் அளவு ஒன்றே. ஓர் ஒயரின் உறை கிழிந்து யாராவது அதைத் தொட்டாலோ, ஃபேஸ் தட்டி நிற்கும் கீசரின் உலோக உடலைத் தொட்டாலோ, ஒரு பகுதி அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். அவ்வளவும் நியூட்ரலில் குறையும். இதைத்தான் இங்கே கசிவு என்கிறோம். ஆர்சிசிபி இந்த வித்தியாசத்தை மட்டும் கவனிக்கும் கருவி. வித்தியாசம் 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் அது கட்டாயம் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 15-ஐத் தாண்டினாலே விழக்கூடும். கருவியில் இந்த விழும் அளவு 0.03A அல்லது 30mA என்று இருக்கும். பெரிதாக அச்சிட்டிருக்கும் 40A கருவி தாங்கும் அளவு; அதைத் தாண்டினால் இது தானாக அணையாது, அதற்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் எம்சிபி தனியாக இருக்க வேண்டும். ஆர்சிசிபி இருந்தாலும் ஷாக் அடிக்கும். அடிக்கும் நேரத்தைத்தான் அது ஒரு நொடியின் சிறு பங்காகக் குறைக்கிறது. ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் சேர்த்துத் தொட்டால் அது விழாது. எர்த் ஒயர் இருந்தால், கீசரில் கசிவு தொடங்கியதுமே, நீங்கள் தொடும் முன்பே விழும். எர்த் இல்லையென்றால் நீங்கள் தொட்ட பிறகுதான் விழும்.

மூலத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். எளிமைப்படுத்தினால் சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கலைச்சொல் ஒன்று பல வாக்கியங்களின் சுருக்கம் என்பதால் அவிழ்க்கும்போது நீளத்தான் செய்யும். ஆசிரியர் சொல் எண்ணிக்கை கட்டுப்பாடு வைத்தால், விளக்கத்தை நறுக்காமல் கருத்துகளில் ஒன்றைக் கட்டுரையின் அடுத்த பகுதிக்குத் தள்ளுங்கள்.

"கூடுதல் பாதுகாப்பு" என்ற மூலச் சொற்றொடர் எங்கே போயிற்று என்று கேட்கலாம். மின்துறையில் அதற்கு, ஒயர் உறை, எர்த் ஆகியவை சரியாக இருக்கும்போது அவற்றின் மேல் சேரும் காவல் என்று பொருள். வாசகர் அதை "அதிகப் பாதுகாப்பு" என்று படிப்பார். கடைசி இரண்டு வாக்கியங்கள் அந்தப் பொருளைச் சொல்லாமல் காட்டுகின்றன.

எழுதியவர் இங்கே ஓர் எதிர்ப்பைக் கிளப்பலாம்: மாறுதிசை மின்சாரம் ஒரு நொடியில் 50 சுழற்சி முன்னும் பின்னும் ஓடுகிறது, ஃபேஸில் போய் நியூட்ரலில் திரும்புகிறது என்பது தவறுதானே? அவர் சொல்வது சரி. ஆனாலும் அந்த வரி நிற்கலாம். எந்தக் கணத்திலும் இரண்டு ஒயரிலும் அளவு சமம், திசை எதிர் என்பது மாறவில்லை. வாசகர் எடுக்கும் முடிவு எதையும் இந்த எளிமை திசைதிருப்பவில்லை. "30-க்கு மேல் பாய விடாது" என்ற எளிமையோ முடிவையே மாற்றுகிறது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

சரிபார்ப்பு

திருத்திய பத்தியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் துறை தெரிந்தவர். அவரிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல், உண்மைப் பட்டியலைக் கையில் கொடுத்து, எந்த வாக்கியமாவது இதற்கு மாறாகப் படிக்கப்பட முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனக்குப் பழகிய சொற்கள் காணவில்லை என்ற குறையைத்தான் சொல்வார்.

இன்னொருவர் மின்பெட்டியைத் திறந்தே பார்க்காதவர். அவரிடம் "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காகவாவது புரிந்தது என்பார். பத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் நேரடியாக எழுதியிராத சூழலைக் கேளுங்கள். "ஒரே நேரத்தில் ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் போட்டால் ஆர்சிசிபி விழுமா?" விழாது, எம்சிபிதான் விழும் என்றால் 40A வரி வேலை செய்கிறது. "மாடிவீட்டுக்காரர் மர ஸ்டூலில் ஏறி நின்று ஹோல்டருக்குள் விரல் விட்டால்?" ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து விரலில் பட்டால் விழாது என்று அவரால் சொல்ல முடிந்தால் அந்த வரியும் தேறியது. "ஆர்சிசிபி மாட்டியாச்சு, எர்த் குழி செலவை மிச்சம் பிடிக்கலாமா?" என்பதுதான் மிகக் கூர்மையான கேள்வி. அதற்கு "பிடிக்கலாம்" என்று பதில் வந்தால், குறை வாசகரிடம் இல்லை. பத்தியின் கடைசி வரிகளுக்குத் திரும்பிப் போய், அவர் எந்தச் சொல்லில் வழுக்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி, இதுவரை படிக்காத வேறொருவரிடம் கொடுங்கள். ஏற்கெனவே படித்தவர் இரண்டாம் முறை சரியாகச் சொன்னால் அது முதல் முறை நீங்கள் வாயால் விளக்கியதன் பலனாகவே இருக்கும்.